ஜப்பானுக்கு மாற்றலா? தினம் 35 நிமிடத்தில் 16 வாரப் பயிற்சி

தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவர், ஜப்பானுக்கு மாற்றல் ஆணை வாங்கியவர், கையில் நான்கு மாதம் இருப்பவர், ஆனால் வேலைப் பளு துளியும் குறையாதவர். இந்த வழிகாட்டி அப்படிப்பட்டவருக்கு. வகுப்பில் சேர்ந்து மணிக்கணக்கில் உட்கார நேரம் இருந்தால் அதுவே நல்லது. நேரம் இல்லாதவர்களுக்கான ஏற்பாடு இது: காலையில் 12 நிமிடம், மதியம் 8 நிமிடம், இரவு 15 நிமிடம். மூன்றும் சேர்ந்து 35.

16 வாரத்துக்கு இது ஏறக்குறைய 65 மணி நேரம். அதற்கு என்ன கிடைக்கும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அறிமுகம் செய்துகொள்ளலாம், வேலை எப்போது முடியும் என்று சொல்லலாம், புரியாததைத் திரும்பக் கேட்கலாம், சக ஊழியர் நிதானமாகச் சொல்லும் எளிய குறிப்பைப் புரிந்துகொள்ளலாம். கூட்டம் நடத்துவதோ, மின்னஞ்சலைத் துணையின்றிப் படிப்பதோ, வாடிக்கையாளரின் ஃபோனை எடுத்துப் பேசுவதோ இந்த நேரத்துக்குள் வராது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு, அதாவது `JLPT`, பக்கம் இப்போது போகவும் வேண்டாம். அதில் பேச்சுப் பகுதியே கிடையாது. நிறுவனம் சான்றிதழ் கேட்டால் மட்டும் அது தனிக் கணக்கு.

ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்

பாடப்புத்தகமும் செயலியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதனால் பலர் ஜப்பானிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் யோசித்துத் திருப்பிப் போடுகிறார்கள். தமிழருக்கு இது வீண் சுமை. ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள்:

ககுனின் ஷிதே கரா, அஷிதா மதே நி ஒகுரிமாஸ்.

ககுனின் என்றால் சரிபார்ப்பு. ஷிதே என்றால் செய்து, கரா என்றால் பிறகு. அஷிதா நாளை, மதே நி என்பது நம் ‘-க்குள்’, ஒகுரிமாஸ் அனுப்புகிறேன். ‘சரிபார்த்த பிறகு, நாளைக்குள் அனுப்புகிறேன்.’ சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை அப்படியே நிற்கிறது. ‘நான்’, ‘அதை’ இரண்டையும் விட்டுவிட்டதுகூட நம் வழக்கம்தான். ஆங்கிலத்தில் யோசித்தால் இதைத் தலைகீழாக்கி, ‘நான்’ என்றும் ‘அதை’ என்றும் தேவையில்லாமல் சேர்க்கத் தோன்றும்.

இன்னும் ஆழமாகவும் ஒத்துப்போகிறது. ‘மதே’ என்றால் ‘வரை’, ‘மதே நி’ என்றால் ‘-க்குள்’. ‘நாளை வரை’, ‘நாளைக்குள்’ என்ற இரண்டையும் நாம் குழப்புவதில்லை, அதனால் இதிலும் குழப்பம் வராது. வினையெச்சத்தோடு துணைவினை சேர்வதும் அப்படியே: ‘தபெதே மிரு’ சாப்பிட்டுப் பார், ‘மிதே ஒகு’ பார்த்து வை, ‘தபெதே ஷிமாவ்’ சாப்பிட்டுவிடு. ‘நேற்று வந்த ஆள்’ என்பது ‘கினோ கிதா ஹிதோ’: நேற்று, வந்த, ஆள். ‘வரலையா?’ என்று கேட்டால் ‘ஆமா, வரல’ என்போமே, ஜப்பானியரும் ‘ஹாய்’ என்று ஆமாம் போட்டுத்தான் இல்லை என்பார்கள். இந்த ஒற்றுமைகளை வைத்து இரண்டு மொழிகளுக்கும் உறவு இருக்கிறது என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, படிப்பவருக்கு லாபம்தான்.

ஆகவே குறிப்பேட்டில் ஜப்பானிய வாக்கியத்துக்குப் பக்கத்தில் தமிழை எழுதுங்கள், அதுவும் பேசுகிற தமிழை.

தமிழ் காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. முக்கியமானது ‘-இல்’. அலுவலகத்தில் இருக்கிறேன், அலுவலகத்தில் வேலை செய்கிறேன், இரண்டுக்கும் நமக்கு ஒரே உருபு. ஜப்பானியத்தில் இருப்பதற்கு ‘நி’, செயலுக்கு ‘தெ’: ‘கைஷா நி இமாஸ்’, ‘கைஷா தெ ஷிகோதோ ஒ ஷிமாஸ்’. கூட்டம் மூன்றாம் மாடியில் ‘இருக்கிறது’ என்று நாம் சொன்னாலும் அங்கே ‘தெ’தான் வரும், ஏனென்றால் கூட்டம் ஒரு நிகழ்ச்சி. ‘இருக்கிறது’ என்ற இடத்தில் ‘நடக்கிறது’ என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘தெ’.

இன்னொன்று மரியாதை. நம் மேலாளரைப் பற்றி யாரிடம் பேசினாலும் நாம் ‘அவர்’ என்போம். ஜப்பானில் வெளி நிறுவனத்தாரிடம் பேசும்போது சொந்த மேலாளரின் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்க்கக் கூடாது. தன் தரப்பைத் தாழ்த்திச் சொல்வதே அங்கே மரியாதை. தன் பெயரோடு ‘சான்’ சேர்ப்பதும் கூடாது. புதிதாகப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் பிழை இது.

முதல் மூன்று வாரம்: எழுத்தும் ஒலியும்

இந்தக் கட்டுரை ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் காட்டுகிறது. நீங்கள் படிக்கும்போது அப்படிச் செய்யாதீர்கள். தங்கத்துக்கு ஜப்பானியச் சொல் கின். வெள்ளிக்கும் கின். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், ஆனால் தங்கத்தின் ‘கி’ வன்மையானது, வெள்ளியின் ‘கி’ ‘அகில்’ என்பதில் வரும் மென்மையான ஒலி. க, ச, ட, த, ப ஆகியவற்றின் இரண்டு ஒலிகளையும் நம் எழுத்து பிரித்துக் காட்டாது. அங்கே பிரித்தே ஆக வேண்டும்.

அதனால் முதல் வேலை ஹிரகானா என்ற எழுத்துமுறை. அடிப்படை எழுத்து 46. ஐந்து ஐந்தாக வரிசை கட்டியிருப்பதால் ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று பத்து நாளில் முடியும். வரிசை முறை நமக்குப் பழகியது போலவே இருக்கும்: உயிர் முதலில், பிறகு க, ச, த, ந என்று போகும். இந்திய எழுத்து மரபு பௌத்தத்தோடு அங்கே போய்ச் சேர்ந்ததன் தடம் அது. வன்மையான ‘க’வின் தலையில் இரண்டு சிறு கோடு போட்டால் மென்மையான ‘க’ ஆகிவிடும். அடுத்த பத்து நாள் கதகானா, அதிலும் 46. அலுவலகப் பேச்சில் வரும் ஆங்கிலக் கடன்சொற்களை இந்த எழுத்தில்தான் எழுதுவார்கள். கணினி அங்கே ‘பசோகோன்’. ஆங்கிலம் தெரியும் என்பதாலேயே இவை காதில் விழுந்ததும் புரிந்துவிடாது. தனியாகக் கேட்டுப் பழக வேண்டும்.

கதகானாவில் எல்லோரும் சிக்கும் இடம் ஷி–ட்சு, ந்–சோ. பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஷி, ந் இரண்டிலும் சிறு கோடுகள் படுத்திருக்கும், நீளக்கோடு கீழிருந்து மேலே ஏறும். ட்சு, சோ இரண்டிலும் சிறு கோடுகள் நிமிர்ந்திருக்கும், நீளக்கோடு மேலிருந்து கீழே இறங்கும். கையால் ஐந்து ஐந்து முறை எழுதினால்தான் இது பிடிபடும். திரையில் பார்த்து மட்டும் படித்தவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள்.

ஒலியில் தமிழருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. சொல்லின் நடுவில் தனி ‘க’ வந்தால் நாம் மென்மையாக்கிவிடுவோம் (அகம்). வன்மையாக வேண்டுமென்றால் இரட்டிப்போம் (அக்கம்). வன்மையாக, ஆனால் இரட்டிக்காமல் சொல்லும் மூன்றாவது வழி நம் பழக்கத்தில் இல்லை. ஜப்பானியத்தில் மூன்றும் உண்டு. ‘ககோ’வின் நடு எழுத்தை மென்மையாகச் சொன்னால் கூடை, வன்மையாகத் தனித்துச் சொன்னால் கடந்த காலம், ‘கக்கோ’ என்று இரட்டித்தால் அடைப்புக்குறி. நடுவில் உள்ளதைப் பிடிக்க ஒரு வழி: ‘கல்’ என்பதன் ‘க’வைச் சொல்லி, அரை நொடி நிறுத்தி, ‘கோயில்’ என்பதன் ‘கோ’வைக் குறுக்கிச் சொல்லுங்கள். பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இடைவெளி போனதும் ‘க’ மென்மையாகிறதா, இரட்டிக்கிறதா என்று பதிவு செய்து கேளுங்கள். மேலே பார்த்த ‘ககுனின்’ சொல்லுக்கும் இதே பயிற்சிதான், அதில் இரண்டு ‘க’வும் வன்மை. பத்து நாள் தினமும் இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

குறில் நெடில் நமக்குக் கைவந்தது. ‘ஒஜிசான்’ மாமா, ‘ஒஜீசான்’ தாத்தா. ஆங்கிலம் பேசுகிறவர்கள் திணறும் இந்த இடத்தில் தமிழருக்கு வேலையே இல்லை.

நான்காவது வாரத்திலிருந்து: மூன்று துண்டு

காலை 12 நிமிடம் கார்டு, அதாவது முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் பதிலும் உள்ள நினைவு அட்டை. மதியம் 8 நிமிடம் காது. இரவு 15 நிமிடம் வாய். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. கார்டு மறதியை எதிர்த்துச் செய்யும் வேலை, அதைத் தள்ளிப்போட்டால் அன்று நடக்காது. மதியத்துக்கு இயர்ஃபோன் இருந்தால் போதும். இரவில் சத்தமாகப் பேச வேண்டும், வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

கார்டுக்கு `Anki` என்ற செயலி போதும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். நிறுவியவுடன் முதல் வேலை, அமைப்பில் `New cards/day` என்ற இடத்தில் 20 என்று இருப்பதை 6 ஆக்குவது. இன்று சேர்க்கும் ஒவ்வொரு கார்டும் வரும் வாரங்களில் பல முறை திரும்பி வரும். 6 புதிது என்றால் சில வாரத்தில் தினம் 40 முதல் 60 பழைய கார்டு வரை சேரும். ஒன்றுக்குப் பத்து நொடி வைத்தால் 12 நிமிடத்துக்குள் அடங்கும். 20 என்று விட்டால் அது நாற்பது நிமிடத்தையும் தாண்டும், மூன்றாம் வாரத்தில் செயலியைத் திறக்கவே மனம் வராது. சனி, ஞாயிறு புதிய கார்டு வேண்டாம், பழையது மட்டும்.

தனிச்சொல்லுக்குக் கார்டு போடாதீர்கள், வாக்கியத்துக்குப் போடுங்கள். இரண்டு வகை தேவை. கேட்கும் கார்டில் முன்பக்கம் ஒலி மட்டும், பின்பக்கம் ஹிரகானாவில் வாக்கியமும் தமிழும். பேசும் கார்டில் முன்பக்கம் தமிழில் சூழல், பின்பக்கம் ஜப்பானிய வாக்கியமும் ஒலியும். ஆறில் நான்கு கேட்பதற்கு, இரண்டு பேசுவதற்கு. கேட்கும் கார்டாக வந்து ஒரு வாரமாவது ஆன வாக்கியத்தையே பேசும் கார்டாக்குங்கள். காதில் பதியாததை வாயில் கொண்டுவர முயன்றால் தப்பான உச்சரிப்பு நிலைத்துவிடும்.

மதிய எட்டு நிமிடத்துக்கு 20 முதல் 30 நொடி நீளமுள்ள ஒரே ஒலித்துண்டு. முதல் இரண்டு முறை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். மூன்றாம் முறை எழுத்தோடு. பிறகு பேசுகிறவரின் குரலோடு சேர்ந்து, அரை நொடி பின்தங்கி, முணுமுணுத்துக்கொண்டே வாருங்கள். அதே துண்டை மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். தினம் புதுத்துண்டு எடுப்பவர்களுக்கு நிறையக் கேட்ட திருப்தி மட்டும் மிஞ்சும். இதில் கவனிக்க வேண்டியது, சில ‘உ’வும் ‘இ’யும் ஒலியே இல்லாமல் தேய்வது. எழுத்தில் ‘தெசு’ என்று இருப்பது காதில் ‘தெஸ்’, ‘ஷிமாஷிதா’ ஏறக்குறைய ‘ஷிமாஷ்தா’. எழுத்தை நம்பி எல்லா உயிரையும் முழுதாகச் சொல்வது நம்மவர்களிடம் உடனே தெரியும் குறை.

இரவுத் துண்டு: ஆறாம் வாரத்தில் ஒரு நாள்

அன்று வேலையில் நீங்கள் உண்மையில் சொன்ன இரண்டு வாக்கியங்களை எழுதிக்கொண்டு தொடங்குங்கள். ஒன்று, ‘சரிபார்த்த பிறகு நாளைக்குள் அனுப்புகிறேன்’ என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மூன்று நிமிடம், மதியம் கேட்ட துண்டை வாய்விட்டு இரண்டு முறை சொல்லுங்கள். இதை விட்டுவிட்டு நேராகப் பாடத்தில் இறங்கினால் முதல் பத்து நிமிடமும் வாயில் ஆங்கிலமே வரும். மூன்றாம் மொழி தேடும்போது மூளை இரண்டாம் மொழியைத்தான் முதலில் நீட்டும். இந்தி கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இந்தி வந்து விழும்.

அடுத்த ஐந்து நிமிடம், உங்கள் வாக்கியத்தைத் தெரிந்த துண்டுகளால் கட்டுங்கள். தெரியாத சொல் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அகராதி. இரண்டுக்கு மேல் தெரியவில்லை என்றால் வாக்கியம் பெரிதாகிவிட்டது, இரண்டாக உடையுங்கள்.

அடுத்த ஐந்து நிமிடம் மாற்றிப் போடுவது. வாக்கிய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு துண்டை மட்டும் மாற்றுங்கள். ‘அஷிதா’வுக்குப் பதில் ‘கெட்சுயோபி’ என்றால் திங்கள்கிழமைக்குள். ‘ஒகுரிமாஸ்’ இடத்தில் ‘ஷிரசெமாஸ்’ என்றால் தெரிவிக்கிறேன். பிறகு இதற்கு முன்னால் எதிராளி என்ன கேட்டிருப்பார் என்று யோசியுங்கள்: ‘இட்சு மதே நி தெகிமாஸ் கா?’, அதாவது எப்போதைக்குள் முடியும்? அந்தக் கேள்வி கேட்கும் கார்டாகட்டும், உங்கள் பதில் பிறகு பேசும் கார்டாகட்டும். கேள்வியும் பதிலும் ஜோடியாக இருந்தால் அலுவலகத்தில் கேள்வி விழுந்ததும் பதில் நாக்கில் வரும்.

கடைசி இரண்டு நிமிடம், இரண்டு வாக்கியத்தையும் ஃபோனில் பதிவு செய்து ஒரு முறை கேளுங்கள். திருத்தம் அன்றே வேண்டாம். சந்தேகத்தைக் குறித்து வையுங்கள்.

அந்தச் சந்தேகங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு. வாரம் ஒரு முறை, 30 நிமிடம், ஜப்பானிய மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் கட்டாயம் தேவை. இந்த ஏற்பாட்டில் விட்டுக்கொடுக்க முடியாத ஒரே செலவு இது. அவரிடம் இலக்கணம் கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். வாரத்தில் சேர்ந்த பத்து வாக்கியங்களைக் காட்டித் திருத்தி வாங்குங்கள், திருத்தியதை அவர் குரலில் பதிவு செய்து வாங்குங்கள். அதுதான் அடுத்த வாரக் கார்டுகளின் ஒலி. நீங்களே கட்டிய வாக்கியம் அவர் பார்க்காமல் கார்டாகக் கூடாது, பிழையை ஐம்பது முறை மனப்பாடம் செய்வது போலாகும்.

அவரோடு பேசும்போது தடுமாறினால் ‘எஎதோ…’, ‘சோ தெஸ் நே…’ என்று இழுக்கப் பழகுங்கள். நம் ‘அது வந்து…’ போன்றவை. இவை வாயில் இல்லாதவர்கள் ‘ஸோ’, ‘ஆக்சுவலி’ என்று தொடங்குவார்கள், பிறகு முழு வாக்கியமும் ஆங்கிலத்தில் போய்விடும்.

எங்கே கெடும், எப்படித் தெரியும்

அதிகம் கெடுவது, நான்கு நாள் விட்டுப்போய்க் கார்டு 200க்கு மேல் குவிவது. ஒரே மூச்சில் முடிக்க முயலாதீர்கள். `New cards/day` 0 ஆக்குங்கள், தினம் 12 நிமிடம் மட்டும் பாருங்கள், நேரம் முடிந்ததும் மூடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வழக்கமான அளவுக்கு வந்துவிடும். பிறகு மறுபடி 6.

ஒரே கார்டு திரும்பத் திரும்பத் தவறினால் `Anki` அதை `leech` என்று குறிக்கும், இயல்பான அமைப்பில் எட்டு தவறலுக்குப் பிறகு. அதோடு தொடர்ந்து போராட வேண்டாம். பெரும்பாலும் வாக்கியம் நீளமாக இருக்கும், அல்லது அதே போன்ற இன்னொரு கார்டோடு குழம்பும். அழித்துவிட்டு வேறு வாக்கியத்தில் அந்தச் சொல்லைக் கொண்டுவாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறு இன்னொன்று. கேட்கும் கார்டு எல்லாம் சரியாக வரும், ஆனால் அதே வாக்கியத்தை வேறொருவர் சொன்னால் புரியாது. அதாவது மொழியை அல்ல, அந்தப் பதிவின் முதல் அரை நொடியை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறீர்கள். மாதம் ஒரு முறை, உங்கள் கார்டிலிருந்து பத்து வாக்கியத்தை வேறொரு ஜப்பானியரைக் கொண்டு சொல்லச் சொல்லுங்கள். ஏழுக்குக் கீழே புரிந்தால், அடுத்த இரண்டு வாரம் புதிய கார்டை மூன்றாகக் குறைத்து, மதியத் துண்டை வேறு வேறு குரல்களில் தேர்ந்தெடுங்கள்.

முன்னேற்றத்தை அளக்க, 4, 8, 12ஆம் வார முடிவில் ஒரே தலைப்பில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள்: பெயர், வேலை, இன்று என்ன செய்தேன், நாளை என்ன. எத்தனை முறை மூன்று நொடிக்கு மேல் நின்றீர்கள், எத்தனை முறை ஆங்கிலம் வந்தது என்று மட்டும் எண்ணுங்கள். எட்டாம் வாரத்தில் கார்டு எண்ணிக்கை ஏறியும் நிற்பது குறையவில்லை என்றால், இரவுத் துண்டில் மாற்றிப் போடும் ஐந்து நிமிடத்தை நீங்கள் எழுதிச் செய்கிறீர்கள், பேசிச் செய்யவில்லை.

கடைசி இரண்டு வாரம்

பதினைந்தாம் வாரத்திலிருந்து புதிய கார்டு வேண்டாம். காலைத் துண்டு பழையதற்கு மட்டும். மதியமும் இரவும் முதல் நாள் அலுவலகத்தில் நிச்சயம் வரப்போகும் வாக்கியங்களுக்கு: அறிமுகம், ‘மோ இச்சிதோ ஒனெகாய் ஷிமாஸ்’ (இன்னொரு முறை சொல்லுங்கள்), ‘ககுனின் ஷிமாஸ்’ (சரிபார்க்கிறேன்), மாலையில் கிளம்பும்போது ஒருவருக்கொருவர் சொல்லும் ‘ஒட்சுகரெசாமா தெஸ்’. சீனாவிலிருந்து வந்த ‘கஞ்சி’ எழுத்துகளில் உங்கள் பெயர்ப்பலகையில் வரும் நிறுவனப் பெயர், பிரிவின் பெயர், ஆண்டு–மாதம்–நாள், நுழைவு–வெளியேறும் வழி, இவற்றைப் பார்த்தால் அடையாளம் தெரியும் அளவுக்கு மட்டும். எழுத வேண்டாம்.

பயணத்துக்கு முந்தைய ஞாயிறன்று உங்கள் பயிற்றுநர் மேலாளராகவும் நீங்கள் புதிதாக வந்தவராகவும் முழு அரை மணி நேரம் நடித்துப் பாருங்கள். அவர் வழக்கமான வேகத்தில் பேசட்டும். அதில் புரியாமல் போன வாக்கியங்கள்தான் அங்கே போய் முதல் வாரத்தில் போட வேண்டிய கார்டுகள்.